அதிகாலை மூன்றரைக்கு மீட்டிங்கா?

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகம். டெஸ்டிங் குழுவுக்குத் தலைமை வகிக்கும் பெண் ஒருவர் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்து மெயிலைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் இருக்கும் குழுவிடமிருந்து மீட்டிங் இன்வைட் ஒன்று வந்திருக்கிறது. ஜூலை 15, புதன், அதிகாலை 3.30. வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டிய புதிய பதிப்பை வெளியிடலாமா, தள்ளிப்போடலாமா என்று முடிவெடுக்க ஒரு மணி நேரப் பேச்சு. கீழே மூன்று பொத்தான்கள்: வருகிறேன், வரலாம், வரவில்லை.

அனுப்பியவர் மேல் கோபம் வருவது இயல்பு. ஆனால் பெரும்பாலும் அவர் இந்த நேரத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். அவருடைய காலண்டர் அவருக்குக் காட்டியது செவ்வாய் பிற்பகல் 3 மணி. மதியச் சாப்பாடு முடிந்து, எல்லாரும் இருக்கையில் இருக்கும் நேரம். சென்னைக்காரரின் வரிசையில் அந்த நேரம் காலியாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அதிகாலை மூன்றரைக்கு யாரும் வேலை வைத்துக்கொள்வதில்லை. நம்முடைய வேலை நேரம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை என்று காலண்டரில் குறித்து வைத்திருந்தால் அது அவரை எச்சரித்திருக்கக்கூடும். நம்மில் பலர் அந்த அமைப்பைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம்.

கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. இதன் பொருள் என்ன என்பதை ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் உறைக்கும். சென்னையில் காலை 9 மணி என்றால் ஜூலையில் அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. இங்கே மாலை 6 என்றால் அங்கே விடியற்காலை ஐந்தரை. ஒன்பது முதல் ஆறு வரை என்கிற அலுவலக நேரம் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம்கூட ஒன்றின்மேல் ஒன்று விழுவதில்லை. லண்டனோடு வேலை செய்பவர்களுக்கு நம் பிற்பகல் முழுவதும் பொதுவாகக் கிடைக்கிறது. சிங்கப்பூரோடு வேலை செய்பவர்களுக்குக் கிட்டத்தட்ட நாள் முழுவதும். கலிஃபோர்னியாவோடு யாராவது ஒருவர் தன் அலுவலக நேரத்தைத் தாண்டி வந்தே ஆக வேண்டும். ஆகவே மறுக்கும்போது 'வேலை நேரத்தில் வையுங்கள்' என்று சொல்லிப் பயனில்லை. அப்படி ஒரு நேரமே கிடையாது.

இருப்பது இரண்டு சந்துகள். ஒன்று, நம் காலை 7 முதல் எட்டரை வரை; அங்கே முந்தின நாள் மாலை ஆறரை முதல் எட்டு வரை. இன்னொன்று, நம் இரவு ஏழரை முதல் ஒன்பது வரை. அங்கே அதே நாள் காலை 7 முதல் எட்டரை வரை. இது ஜூலைக் கணக்கு. மாற்று நேரம் கொடுப்பது என்றால் இந்த இரண்டிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சரி, நம் டெஸ்டிங் தலைவி என்ன எழுதுகிறார்? வழக்கமாக இப்படித்தான் எழுதுவோம்: "மன்னிக்கவும், அந்த நேரம் எங்களுக்குக் கொஞ்சம் சிரமம். வேறு நேரம் வைத்துக்கொள்ளலாமா?" பணிவான கடிதம், குறை சொல்ல ஒன்றுமில்லை போலத் தோன்றும். அது என்ன ஆகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்போம். செவ்வாய் காலை ஒன்பதரைக்கு அனுப்புகிறார். அங்கே திங்கள் இரவு ஒன்பது. மறுநாள் காலை எட்டரைக்கு அவர் பார்த்து, "தாராளமாக, உங்களுக்கு எது வசதி?" என்று கேட்கிறார். அப்போது இங்கே செவ்வாய் இரவு ஒன்பது. நம்மவர் அதைப் புதன் காலை அலுவலகம் வந்து பார்த்து, "மாலை நேரம் என்றால் நல்லது" என்கிறார். கலிஃபோர்னியாவில் புதன் காலை அவர் அதைப் படித்துவிட்டு, "உங்கள் மாலையா, எங்கள் மாலையா?" என்கிறார். வியாழன் காலை நம்மவர் பதில் எழுதும்போது வெளியீட்டுக்கு ஒரு நாள்தான் மிச்சம். மூன்று நாளில் இரண்டு தரப்பும் பேசியது மொத்தம் நாலு வரி.

இந்த வேலையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு நாள் ஆகிறது. பக்கத்து இருக்கைக்காரரிடம் 'எப்போது சந்திக்கலாம்' என்று கேட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கடல் தாண்டிக் கேட்டால் அதே கேள்வியின் விலை ஒரு நாள். ஆகவே மறுப்புக் கடிதம் திருப்பிக் கேட்க இடம் வைக்காமல் முழுதாக இருக்க வேண்டும். படிப்பவர் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும், விஷயம் முடிந்துவிட வேண்டும்.

அப்படி எழுதப்பட்ட கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் அதன் சாரம் இது:

"இந்தப் பேச்சு வெள்ளிக்கு முன்னால் நடந்தாக வேண்டும் என்பது சரிதான். நீங்கள் குறித்த நேரம் சென்னையில் புதன் அதிகாலை 3.30. அப்போது என்னாலும் என் குழுவாலும் வர இயலாது. கீழே இரண்டு நேரம் தருகிறேன். இரண்டையும் எங்கள் பக்கம் காலியாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு ஒத்துவருவதற்கு இன்வைட்டை மாற்றிவிடுங்கள், அது போதும். முதலாவது: கலிஃபோர்னியாவில் செவ்வாய், ஜூலை 14, மாலை 6.30, சென்னையில் புதன், ஜூலை 15, காலை 7.00. இரண்டாவது: கலிஃபோர்னியாவில் புதன், ஜூலை 15, காலை 7.30, சென்னையில் அதே புதன், இரவு 8.00. இரண்டும் முடியாது என்றால் உங்கள் கேள்விகளை இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள். புதன் காலை நீங்கள் அலுவலகம் வரும்போது எங்கள் பதில் இருக்கும். மிச்சமிருக்கும் பிழைகளின் பட்டியலையும் வெளியிடலாமா என்பது பற்றி எங்கள் கருத்தையும் இணைத்திருக்கிறேன்."

இதில் மறுப்பு ஒரே ஒரு வரி. அதற்கான காரணமும் கடிகாரம் மட்டுமே. குழந்தைக்குப் பள்ளி, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, நேற்றும் தூக்கமில்லை என்று நாம் அடுக்கும் காரணங்கள் உண்மையாகவே இருந்தாலும் இங்கே அவை கடிதத்தைப் பலவீனப்படுத்துகின்றன. மாமியார் குணமானதும் மூன்றரைக்கு வரலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்? 'சென்னையில் அதிகாலை 3.30' என்ற நாலு சொல்லை எந்த ஊர்க்காரரும் மறுபடி விளக்கம் கேட்பதில்லை. பலர் அதைப் பார்த்ததும் தாங்களே மன்னிப்புக் கேட்பார்கள்.

நேரத்தை ஊர்ப் பெயரோடு எழுதியிருப்பதையும் கவனியுங்கள். ஐஎஸ்டி என்று எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. இந்திய நேரத்துக்கு மட்டுமல்ல, இஸ்ரேல் நேரத்துக்கும் அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் அதே மூன்றெழுத்துதான். டப்ளினில் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தால் குழப்பம் நிச்சயம். அமெரிக்கர்களிலேயே பலர் வருடம் முழுக்க ஈஎஸ்டி என்று எழுதுவார்கள். கோடையில் அந்த எழுத்துகளை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தவறும். ஊர், கிழமை, தேதி, மணி நான்கும் இரண்டு பக்கத்துக்கும் இருந்தால் தவற வழியில்லை. கிழமை முக்கியம். மூன்றரை மணியைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டு நாளைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். நள்ளிரவு 12 மணியையும் தவிர்த்துவிடுங்கள். 'வெள்ளி நள்ளிரவு' என்றால் வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று எந்த ஊரிலும் தெளிவில்லை.

மாற்று நேரம் இரண்டு கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒன்று மட்டும் கொடுத்து அவருக்கு அது முடியாமல் போனால் ஒரு நாள் போய்விடும். ஐந்தாறு கொடுத்தால் யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். நமக்கும் அத்தனை நேரத்தையும் பிடித்து வைக்க முடியாது. இரண்டும் ஒரே சந்திலிருந்து வந்தால் அதுவும் சரியில்லை. மாலையில் குழந்தையை அழைத்துவரப் போகிறவருக்குச் செவ்வாய் மாலையும் முடியாது, புதன் மாலையும் முடியாது. ஒன்று அவர் மாலை, ஒன்று அவர் காலை என்று கொடுத்தால் ஏதாவது ஒன்று பொருந்தும். நாம் காலை ஏழுக்கும் வருகிறோம், இரவு எட்டுக்கும் வருகிறோம் என்றால் பாதி வழி நடந்து வருகிறோம் என்பதும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

மூன்றாவதாக எழுத்து வழி. என் கணிப்பில் இதுதான் மிகவும் குறைவாகப் பயன்படுத்தப்படும் மாற்று. வெளியிடலாமா வேண்டாமா என்ற முடிவுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் போனால் மீட்டிங் தேவையில்லாமலே போகலாம். ஸ்டேட்டஸ் சொல்வதற்கென்றே வைக்கப்படும் வாராந்தரக் கால்களில் பாதியை ஒரு பக்கக் குறிப்பு விழுங்கிவிடும். சம்பளம், வேலை மதிப்பீடு, இரண்டு குழுக்களுக்கு இடையே மனக்கசப்பு போன்றவற்றை மட்டும் எழுத்தில் தீர்க்கப் பார்க்கக் கூடாது. அவற்றுக்குக் குரல் வேண்டும், முடிந்தால் முகமும்.

காலண்டரின் பொத்தான்கள் பற்றி இரண்டு வார்த்தை. அவுட்லுக்கிலும் கூகுள் காலண்டரிலும் Propose New Time என்று ஒரு வசதி இருக்கிறது. நாம் தேர்ந்தெடுக்கும் நேரம் அவருடைய ஊர் நேரமாகவே அவருக்குத் தெரியும், கணக்குப் பிழைக்கு இடமில்லை. ஆனால் அது ஒரு நேரத்தைத்தான் சொல்லும், எனவே இரண்டாவதைக் குறிப்பில் எழுத வேண்டும். அழைத்தவர் அந்த வசதியை அடைத்து வைத்திருந்தால் நமக்கு அது கிடைக்கவும் செய்யாது. அவுட்லுக்கில் மறுக்கும்போது Do Not Send a Response என்று ஒரு தேர்வு வரும். அதை அழுத்தினால் நம் காலண்டரிலிருந்து மீட்டிங் போய்விடும், அவருக்கோ நாம் மறுத்த தகவலே போகாது. நாம் நிம்மதியாகத் தூங்க, அங்கே எட்டுப் பேர் நமக்காகக் காத்திருப்பார்கள். 'வரலாம்' என்கிற Tentative பொத்தான் அதைவிடப் பெரிய வில்லங்கம். நம் ஊரில் 'பார்க்கிறேன்', 'முயற்சி பண்றேன்' என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம் என்பது நமக்குத் தெரியும். கலிஃபோர்னியாக்காரருக்கு அது அநேகமாக வருகிறேன் என்றுதான் காதில் விழும்.

சரி, எல்லாருக்கும் இப்படி நேராக எழுதும் இடம் இருக்கிறதா? இல்லை. அமெரிக்கக் கம்பெனியின் சொந்தக் கிளை அலுவலகத்தில் இருப்பவர் சக ஊழியருக்கு எழுதுகிறார். சேவை நிறுவனத்தில் இருப்பவருக்கு எதிரில் இருப்பவர் கிளையன்ட். அங்கே புதிதாகச் சேர்ந்த பையன் நேராக மறுத்தால் அது வேறு மாதிரிப் படிக்கப்படும். அவன் முதலில் போக வேண்டியது தன் லீடிடம், அல்லது அங்கேயே உட்கார்ந்திருக்கும் ஆன்சைட் கோஆர்டினேட்டரிடம். "மூணரைக்கு கால் போட்டிருக்காங்க, நான் இந்த ரெண்டு டைம் சொல்லலாம்னு இருக்கேன், நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா?" என்று கேட்பதில் தவறில்லை. புலம்பலோடு போகாமல் மாற்று நேரத்தோடு போனால் லீடுக்கும் பேச வசதி. எத்தனை மணி நேரம் கிளையன்ட் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதைப் பல ஒப்பந்தங்களில் எழுதியே வைப்பார்கள். உங்கள் புராஜெக்ட்டில் அப்படி என்ன எழுதியிருக்கிறது என்று மேனேஜரிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிற்பகல் இரண்டு முதல் இரவு பதினொன்று வரை ஷிப்ட் என்று ஒப்புக்கொண்டு வந்தவர் இரவு பத்து மணி காலை மறுக்க முடியாது. அதிகாலை மூன்றரையைத் தாராளமாக மறுக்கலாம்.

சர்வர் படுத்துவிட்டது, வாடிக்கையாளரின் பணப் பரிமாற்றம் நிற்கிறது என்றால் மூன்றரையோ நாலரையோ எழுந்துதான் ஆக வேண்டும். அதற்கு யாரும் மாற்று நேரம் எழுத மாட்டார்கள். ஆனால் விடியலுக்கு முந்தைய அந்த மணிகளில்தான் மனித உடலின் விழிப்புநிலை நாளிலேயே மிகக் குறைவாக இருக்கிறது. ஒரு பதிப்பை வெளியிடலாமா என்று நிதானமாக முடிவெடுக்க வேண்டிய பேச்சுக்கு அந்த நேரம் பொருந்தாது என்பது நம் வசதியை மட்டும் பற்றிய வாதம் அல்ல. அவர்களுக்கும் அது நஷ்டம்தான்.

உண்மையைச் சொன்னால், அதிகாலை மூன்றரை சுலபமான கேஸ். அதை மறுத்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆளை மெல்ல மெல்லத் தின்பது இரவு பத்தரை. கலிஃபோர்னியாவில் காலை 10 மணி. அவர்கள் காபி குடித்து, மெயில் பார்த்து முடித்து, மீட்டிங் தொடங்க மிகவும் தோதான நேரம். கோடையில் இங்கே பத்தரை. 'பத்தரைதானே, விழித்துத்தானே இருக்கிறோம்' என்று முதல் வாரம் ஒப்புக்கொள்கிறோம். அது ஒவ்வொரு வாரமும் வருகிறது, ஒரு மணி நேரம் என்றது ஒன்றே காலாக நீள்கிறது, பன்னிரண்டுக்கு மூடும் மடிக்கணினியில் கண்ட விஷயம் ஒரு மணி வரை தலைக்குள் ஓடுகிறது. ஒருமுறை மட்டும் வரும் பத்தரையை ஏற்றுக்கொள்ளுங்கள். வாராவாரம் என்று வந்தால் முதல் அழைப்பிலேயே பேச வேண்டும். ஆறு மாதம் போன பிறகு பேசினால் 'இத்தனை நாள் வந்தீர்களே' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

வாராந்தர மீட்டிங்குக்கு மாற்றுச் சொல்லும்போது இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். 2007 முதல் இதுதான் நடைமுறை. பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாற்றுகின்றன. நாம் மாற்றுவதே இல்லை. அரிசோனாவிலும் பெரும்பாலான பகுதிகளில் மாற்றுவதில்லை, எனவே ஃபீனிக்ஸ் கிளையன்ட் வாய்த்தவர்களுக்கு ஆண்டு முழுக்கப் பன்னிரண்டரை மணி வித்தியாசம்தான்; அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். தொடர் மீட்டிங்கை யாருடைய ஊர் நேரத்தில் அமைத்தார்களோ அந்த ஊரோடுதான் அது நிற்கும். `America/Los_Angeles` என்று அமைத்த காலை ஏழரை மீட்டிங் நமக்குக் கோடையில் இரவு எட்டு, நவம்பரில் ஒன்பது. பத்தரைக்கு ஒப்புக்கொண்டவருக்கு அது பதினொன்றரை. எவரும் எதையும் மாற்றவில்லை, இன்வைட் தானாக நகர்ந்துவிட்டது. `Asia/Kolkata` என்று அமைத்தால் நமக்கு நகராது. நம் இரவு எட்டு அவர்களுக்குக் காலை ஆறரை ஆகிவிடும், அதற்கு அவர்கள் சம்மதிப்பது கடினம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. குளிர்காலத்தில் இரவுச் சந்து நமக்கு மோசமாகிறது, ஆனால் காலைச் சந்து இரண்டு பேருக்கும் நல்லதாகிறது. நம் காலை 7 மணி அப்போது கலிஃபோர்னியாவில் முந்தின நாள் மாலை ஐந்தரை. அவர்கள் அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடலாம். எனவே கோடையில் நம் இரவு எட்டு, குளிர்காலத்தில் நம் காலை ஏழு என்று பருவத்துக்கு ஒன்றாகக் கேளுங்கள். காலைச் சந்தில் ஒரே ஒரு கண்ணி: அவர்களுடைய வெள்ளி மாலை நமக்குச் சனிக்கிழமை. ஆகவே அவர்கள் பக்கம் திங்கள் முதல் வியாழன் வரை, நம் பக்கம் செவ்வாய் முதல் வெள்ளி வரை என்று நான்கு நாட்கள்தான் கைக்கு வரும்.

கூட்டத்தில் லண்டனும் இருந்தால் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. கலிஃபோர்னியாவில் காலை 8, லண்டனில் மாலை 4, சென்னையில் கோடையில் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. நாள் முடியும் வேளையில் ஒருவர், இரவுச் சாப்பாட்டு வேளையில் ஒருவர், காபிக் கோப்பையோடு ஒருவர். எப்போதும் இரவில் உட்காருவது சென்னைதான் என்பதை ஒருமுறை எடுத்துச் சொல்லி, மாதத்தில் ஒரு வாரமாவது நம் காலைக்கும் அவர்கள் மாலைக்கும் மாற்றக் கேட்கலாம். லண்டனுக்கு அது நள்ளிரவு தாண்டிய நேரம், எனவே அந்த வாரம் லண்டன்காரர்கள் பதிவைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த யோசனையை முன்வைத்த உடனேயே சில குழுக்களில் அந்த மீட்டிங் இரண்டாகப் பிரிந்துவிடும். அதுவும் நல்லதுதான்.

தற்போதைய சட்டப்படி 2026இல் அமெரிக்கக் கடிகாரம் பின்னே போகும் நாள் நவம்பர் 1, ஞாயிறு. உங்கள் வாராந்தரக் கால் அதற்கு அடுத்த வாரம் எத்தனை மணிக்குக் காட்டுகிறது என்று காலண்டரில் இப்போதே திருப்பிப் பாருங்கள். பதினொன்றரை என்று இருந்தால் அக்டோபர் பிறக்கும் முன்பே அந்த மெயிலை எழுதிவிடுங்கள்.